கவளம் போகும் வழி

அன்றைக்கு அதே பாடத்தை நான்காவது முறையாக நடத்திக்கொண்டிருந்தாள் சயின்ஸ் டீச்சர். ஏழாம் வகுப்பில் நான்கு பிரிவுகள். நான்குக்கும் அவள் ஒருத்திதான். காலையில் முதல் பிரிவுக்குப் போனபோது குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது. மதியத்துக்குப் பிறகு வந்த இந்தக் கடைசிப் பிரிவுக்குத் தொண்டை மட்டும்தான் மிச்சம். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். பத்தொன்பது வருடமாக நடத்துகிற செரிமான மண்டலம் மட்டும் இனிக்கவா போகிறது?

பலகையின் ஆணியில் படம் தொங்கியது. மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுத்தாள் போட்டுக் காப்பாற்றி வைத்திருந்த பழைய படம். தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, வயிற்றைத் திறந்து காட்டியபடி ஒரு மனிதன் நின்றான். ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் ஒரு கோடு ஓரத்துக்கு ஓடி, அங்கே அதன் பெயர் எழுதியிருந்தது. பிள்ளைகள் அவனுக்குத் 'திறந்த வீட்டு மாமா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இந்தப் பாடத்துக்கு அவளிடம் ஒரு முறை உண்டு. ஒரு பிள்ளை குச்சியை எடுத்துக்கொண்டு படத்தின் முன்னால் வர வேண்டும். குச்சியின் நுனிதான் ஒரு கவளம் சாப்பாடு. வாயில் புறப்பட்டு வெளியேறும் இடம்வரை அதை நடத்திக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, உறுப்பின் பெயரையும் அது செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும். எதையாவது தாண்டிக் குதித்தால் வகுப்பே மேசையைத் தட்டும். பிள்ளைகளுக்குத் தட்டுவதில்தான் ருசி. யாராவது குதிக்கமாட்டார்களா என்று விரலை மடக்கி வைத்துக்கொண்டே காத்திருப்பார்கள்.

மற்ற மூன்று பிரிவுகளிலும் எல்லாரும் விழுகிற குழியில்தான் விழுந்தார்கள். கவளத்தை இரைப்பையிலிருந்து நேராகக் கல்லீரலுக்குள் தள்ளினார்கள். அவள் மூன்று முறையும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். கல்லீரலுக்குள்ளும் கணையத்துக்குள்ளும் சாப்பாடு நுழையாது, அவை தங்கள் சாற்றைக் குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்பிவைக்கும், அவ்வளவுதான் அவற்றின் உறவு என்று. சொல்லும்போது வாய் ஒரு பக்கம் இருந்தது, மனம் ஒரு பக்கம் இருந்தது. மனம் முழுக்கத் தூக்கம்.

சரியாகத் தூங்கிச் சில வாரங்கள் ஆகின்றன. அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். தெருவில் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான், வீட்டிலும் அந்தப் பேர்தான் நிலைத்துவிட்டது. பெருங்குடல் புண்ணாகி ரத்தம் போய்ப்போய், எந்த மருந்துக்கும் அடங்காமல், கடைசியில் அதை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியை அடிவயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். இனி எல்லாம் அந்தப் பைக்குள்தான்.

டிரைவர் அந்தப் பையைப் பார்க்கவே மாட்டார். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளை ஒரு கையால் திருப்பிய மனிதர், சட்டையைத் தூக்கினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஆகவே பையைக் காலி செய்வதும், கழுவுவதும், மாற்றுவதும் டீச்சரின் வேலை. பை அரைவாசி நிறைவதற்கு முன்பே காலி செய்துவிட வேண்டும். விட்டால் கனத்தில் ஓரம் பிய்த்துக்கொண்டு கசியும். கசிந்தால் விரிப்பு, போர்வை, சட்டை எல்லாம் துவைக்க வேண்டும். இரவில் அவள் ஒரு கண்ணை மூடுவாள், மறுகண் பையைப் பார்த்துக்கொண்டிருக்கும். விடிந்தால் பள்ளிக்கூடம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது அந்தப் பிரிவின் நர்ஸ் ஒரு படத்தோடு வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் அவள் அதைச் சொல்லித்தான் அனுப்புவாள். சொல்லி முடித்ததும் நோயாளியையே விரல் வைத்துத் திருப்பிச் சொல்லச் சொல்வாள். ஆனால் டீச்சர் அந்தப் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "இதைத்தான் சிஸ்டர் நான் பத்தொன்பது வருஷமா நடத்துறேன். என்கிட்டேயே பாடமா?" என்றாள். நர்ஸும் பாவம், அன்றைக்கு நான்கு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய அவசரத்தில் இருந்தாள். அப்படியானால் பிரச்சினையே இல்லை என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். தெரிந்தவர்களுக்குச் சொல்லித்தருவதில் யாருக்குத்தான் ஆர்வம் இருக்கும்?

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் ஒரு கணக்குப் போட்டாள். உள்ளே போவது குறைந்தால் வெளியே வருவதும் குறையும். டிரைவருக்குத் தண்ணீரைக் குறைத்தாள். பகலில் சின்னத் தம்ளரில் அளவாக, இருட்டிய பிறகு ஒரு வாய்கூட இல்லை. கணக்கு சரியாகத்தான் வந்தது. பை மெதுவாக நிறைந்தது. எழுந்திருப்பது பாதியானது. தன் மூளையை நினைத்து அவளுக்கே கொஞ்சம் பெருமைகூட இருந்தது. முதலில் டிரைவர் தண்ணீர் கேட்டார். அவள் காரணம் சொன்னாள். மறுநாளும் கேட்டார். அவள் கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னாள். பிறகு அவர் கேட்கவில்லை. பழகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைசிப் பிரிவில் குச்சியை எடுக்க வந்தவள் 'எக்ஸ்பிரஸ்'. அவள் பேசுகிற வேகத்துக்கு வகுப்பு வைத்த பெயர் அது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்த வாக்கியம் முதுகில் வந்து முட்டும்.

எக்ஸ்பிரஸ் நன்றாகத்தான் புறப்பட்டாள். வாயில் பல் அரைக்கிறது, உமிழ்நீர் மாவுப்பொருளை உடைக்கத் தொடங்குகிறது. தொண்டை தாண்டி உணவுக்குழாய், அது சுருங்கிச் சுருங்கி உணவைக் கீழே தள்ளுகிறது. இரைப்பையில் அமிலம் கிருமியைக் கொல்கிறது, புரதம் உடையத் தொடங்குகிறது, எல்லாம் கூழாகிறது. குச்சி இரைப்பையை விட்டுக் கிளம்பியதும் வகுப்பு முழுக்க விரல்களை மடக்கிக்கொண்டது. எக்ஸ்பிரஸ் ஏமாற்றிவிட்டாள். கல்லீரலைத் தொடாமல் நேராகச் சிறுகுடலுக்குள் போனாள். கல்லீரலின் பித்தநீர் கொழுப்பைச் சின்னச் சின்னத் துளிகளாக்கும், கணையநீர் மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கும், இரண்டும் இங்கேதான் வந்து சேரும் என்றாள். மடக்கிய விரல்களுக்கு வேலையில்லாமல் போனது.

டீச்சர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியபடிதான் இதைக் கேட்டாள். பிள்ளைகளுக்கு அது கவனமாகக் கேட்பது போலத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

"சிறுகுடல்ல இருக்கிற குட்டிக்குட்டி குடலுறிஞ்சிங்க சத்தெல்லாம் ரத்தத்துக்கு அனுப்பிடும் மிஸ். மிச்சம் வெளிய போயிடும். முடிஞ்சுது மிஸ்."

மேசைகள் அதிர்ந்தன. எக்ஸ்பிரஸ் என்ன தப்பு என்று தெரியாமல் படத்தையும் வகுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். படத்தில் சிறுகுடலைச் சுற்றிச் சட்டம் போட்டதுபோல் இருந்த தடித்த பெருங்குடலை அப்படியே விட்டுவிட்டு, நேராக வெளியே குதித்திருந்தாள்.

டீச்சர் கண்ணைத் திறக்காமலே திருத்தினாள். பத்தொன்பது வருடத்தில் இந்தக் குழியிலும் விழுந்தவர்கள் உண்டு. அதற்கும் ஒரு பதில் வாயில் தயாராக இருந்தது.

"பெருங்குடல விட்டுட்டே பாரு. சிறுகுடல் பெரும்பாலான தண்ணிய எடுத்துடும். ஆனா மிச்சத் தண்ணியையும் உப்பையும் யாரு எடுப்பா? பெருங்குடல்தான். அது இல்லன்னா வெச்சுக்கோ, அவ்வளவும் அப்படியே வெளிய போயிடும். போறதுக்கு ஈடா நிறைய குடிச்சுக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா உடம்பு..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். வாக்கியத்தின் மீதி நாக்கில்தான் இருந்தது, வெளியே வரவில்லை.

"காஞ்சு போயிடும் மிஸ்," என்று எக்ஸ்பிரஸ் முடித்துவைத்தாள்.

டீச்சர் கண்ணைத் திறந்து படத்தைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற படம்தான். எக்ஸ்பிரஸ் நடத்திய கவளம் சிறுகுடலின் முடிவிலிருந்து நேராக வெளியே போயிருந்தது. டிரைவர் சாப்பிடும் ஒவ்வொரு கவளமும் அப்படித்தான் போகிறது. இந்தப் பிள்ளை தப்பாகச் சொன்னது வேறொன்றுமில்லை, அவள் வீட்டுக்காரரின் உடம்பைத்தான். ஊருக்கெல்லாம் சொன்ன வாக்கியத்தைத் தன் காதால் அவள் கேட்டது இன்றைக்குத்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவளே எத்தனை பிள்ளைகளைக் கிண்டல் செய்திருப்பாள்.

காலையில் கிளம்பும்போது பார்த்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கட்டிலிலிருந்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெடித்திருந்தது. காலில் நரம்பு இழுக்கிறது என்றார். ரொம்ப நாள் படுத்துக் கிடந்தால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

வகுப்புத் தலைவியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்து போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விட்டுவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தார்.

பேச்சு குழறியது, ஆனால் பேசினார். எழுந்து வந்து எடுப்பதற்குள் தலை சுற்றிவிட்டது, அதனால் உட்கார்ந்தே நகர்ந்து வந்தேன் என்றார். அவர் பாட்டுக்கு ஒரு செய்தியாகத்தான் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை. அவள் ஒன்றுக்குப் போனீர்களா என்று கேட்டாள். காலையில் கொஞ்சம் போனதாம், டீத்தண்ணி நிறத்தில். அதற்குப் பிறகு இல்லையாம்.

"அப்படியே தரையில படுத்துக்கோங்க. எழுந்திருக்காதீங்க. நான் வந்துட்டே இருக்கேன்," என்றாள் டீச்சர்.

ஆஸ்பத்திரிப் பிரிவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். தண்ணீரைக் குறைத்ததையும் சொன்னாள். மறைக்கத் தோன்றவில்லை. எடுத்தது அதே நர்ஸ்தான். வீட்டில் காத்திருக்க வேண்டாம், நேராகக் கொண்டுவாருங்கள், வழியில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே வாருங்கள், வெறும் தண்ணீரைச் செம்பு செம்பாகக் கொடுக்காதீர்கள் என்றாள். தலைமையாசிரியை விடுப்புக் கடிதம் எங்கே என்று தொடங்கி, டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டு, தன் காரிலேயே அனுப்பிவைத்தார். ஆயிரம் குறை சொன்னாலும் அந்த அம்மாளுக்கு அந்த மட்டும் மனசு உண்டு.

டிரைவர் அவள் சொன்னபடி தரையில் படுத்திருந்தார். கன்னம் ஒடுங்கி, கண் உள்ளே போயிருந்தது. காலையிலும் இதே முகம்தான் இருந்திருக்க வேண்டும். அவள்தான் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி மடியில் வைத்து ஒரு வாய் கரைசலைக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"பை நிறைஞ்சுடுமே," என்றார்.

அவள் இன்னொரு வாய் கொடுத்தாள். பேசினால் அழுதுவிடுவாள் என்று தெரியும். அழுவதற்கு அது நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். உடனே கையில் ஊசி குத்தி பாட்டிலை மாட்டினார்கள். உப்பு குறைந்திருக்கிறது, சிறுநீரகம் திணறுகிறது, ஆனால் கைமீறிப் போகவில்லை, தண்ணீர் ஏற ஏறச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். இப்படியே இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், டீச்சரைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தியவர்களில் அவர் இரண்டாவது ஆள்.

ஒரு பாட்டில் முடிந்து அடுத்தது பாதி இறங்கியதும் டிரைவர் ஒன்றுக்குப் போனார். நர்ஸ் அளவு பார்த்து எழுதிக்கொண்டு திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு சுருட்டிய படத்தோடு வந்து கட்டிலில் விரித்தாள். டீச்சரை அவள் திட்டவில்லை. அன்றைக்கு நானும் சொல்லாமல் போயிருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் டீச்சருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திருப்பிச் சொல்ல வேண்டியது டீச்சர் இல்லை, அவர்தான் என்று நர்ஸ் டிரைவரின் விரலைப் பிடித்துப் படத்தின் வாயில் வைத்தாள். அவருக்கு உறுப்புகளின் பெயர்கள் சரியாகத் தெரியாது. ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்துப் படித்து மெதுவாக இறங்கினார். வாய் அரைக்கும். குழாய் தள்ளும். இரைப்பை கடையும். சிறுகுடலின் மடிப்புகளில் விரலை ஒரு வளைவுகூட விடாமல் ஓட்டினார், வளைவு அவருக்குப் பழக்கம்தானே. சத்தெல்லாம் இங்கேதான் ரத்தத்தில் ஏறும் என்று நர்ஸ் எடுத்துக்கொடுத்தாள். சிறுகுடல் முடிகிற இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. அடுத்து பெருங்குடல் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்தார், ஆனால் விரலை அங்கே கொண்டுபோகவில்லை.

"எனக்கு இதான் கடைசி ஸ்டாப்," என்றார்.

சொல்லிவிட்டுச் சட்டையை மெதுவாகத் தூக்கி, ஆபரேஷனுக்குப் பிறகு முதன்முறையாக அந்தப் பையைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார், ஆனால் திரும்பிக்கொள்ளவில்லை. நர்ஸ் அவசரப்படுத்தாமல் மீதியைச் சொன்னாள். மிச்சத் தண்ணீரையும் உப்பையும் சேர்த்துவைக்க உள்ளே இனி யாரும் இல்லை. அதனால் இழப்பதை வாயால்தான் ஈடுகட்ட வேண்டும். தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் சேர்ந்த கரைசல் வேண்டும். தாகத்தை அடக்கக் கூடாது. பை நிறைவது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை, ஒன்றுக்குப் போவது குறைந்தால்தான் பயப்பட வேண்டும், அளவுக்கு மீறிப் பை நிறைந்தாலும் தண்ணீரைக் குறைக்காமல் எங்களுக்குப் போன் செய்ய வேண்டும். டிரைவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். டீச்சர் கட்டில் ஓரத்தில் மாணவி மாதிரி உட்கார்ந்து கேட்டாள். அவளுக்குத் தெரியாத செய்தி அதில் அதிகம் இல்லை. அதுதான் அவளை அறுத்தது.

நர்ஸ் போனதும் இருவர் மட்டும் இருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலில் சாயங்கால வெயில் இறங்கியிருந்தது. டீச்சருக்குக் கண் எரிந்தது, முதுகு வலித்தது, தூக்கம் தலையைக் கீழே அழுத்தியது. ஆனாலும் இதைச் சொல்லாமல் தூங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. தண்ணீரைக் குறைத்தது பை கசியாமல் இருக்கத்தான் என்று நர்ஸிடம் சொன்னாள், டாக்டரிடமும் அதையே சொன்னாள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அவள் தனக்கே இதுவரை சொல்லிக்கொண்டதில்லை.

"பைக்காக மட்டும் நான் தண்ணிய குறைக்கலங்க," என்றாள். "ராத்திரி எழுந்திருக்க முடியல. கொஞ்சம் தூங்கணும்னு இருந்துச்சு."

டிரைவர் மேலே தொங்கிய பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு சொட்டாக இறங்குவதை எண்ணுகிறாரோ என்று தோன்றியது.

"தெரியும்," என்றார். "ரெண்டு தடவ கேட்டப்பவே உன் முகத்தப் பாத்தேன். அதான் அப்புறம் கேக்கல."

அவர் கத்தியிருந்தால், ஒரு வார்த்தை கடிந்து சொல்லியிருந்தால், பதிலுக்கு இவளும் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் தூங்கட்டும் என்று ஒரு மனிதர் உதடு வெடிக்க வெடிக்கத் தாகத்தோடு பக்கத்திலேயே படுத்துக் கிடந்திருக்கிறார். அவளும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்து டிரைவர் அவள் பக்கம் திரும்பி, தாகமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கொடு என்று கேட்டார். அவள் எழுந்து, பெரிய தம்ளராகப் பார்த்து எடுத்து, கரைசலை விளிம்புவரை ஊற்றினாள்.